சத்தத்தை அணைத்து ஒரு முறை, படத்தை மறைத்து ஒரு முறை: ரஃப் கட்டின் ஓட்டைகள் பிடிபடுவது எப்படி?

பூந்தமல்லியில் இருந்து ஆவடி போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாரிவாக்கம் ஸ்டாப் வருவதற்குள் இரண்டு வகைப் பார்வையாளர்கள் கண்ணில் படுவார்கள். ஒருவர் இயர்போன் இல்லாமல், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைத் தள்ளிக்கொண்டே போவார். இன்னொருவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்று, யூடியூப் பேட்டியைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு வருவார். முன்னவருக்குப் படம் மட்டும், பின்னவருக்குச் சத்தம் மட்டும்.

இவர்கள் அவசரத்துக்குச் செய்வதை, படத்தொகுப்பாளர்கள் வேண்டுமென்றே செய்வதுண்டு. முதல் வடிவம் தயாரானதும், அதைச் சத்தமில்லாமல் ஒரு முறையும், படமில்லாமல் ஒரு முறையும் ஓட்டுவார்கள். பத்து முறை வழக்கம்போலப் பார்த்தும் தெரியாத தவறுகள், இந்த இரண்டு ஓட்டத்தில் தானாக வெளியே வந்துவிடும். ஏன் அப்படி? எப்படிச் செய்ய வேண்டும்? எந்த இடத்தில் இந்த முறையே நம்மை ஏமாற்றும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ரஃப் கட் என்றால் என்ன?

எடுத்த ஷாட்களையெல்லாம் கதை வரிசையில் அடுக்கி, முதலில் இருந்து கடைசி வரை ஓடும்படி செய்த முதல் வடிவம்தான் ரஃப் கட். நிறம் சரிசெய்திருக்க மாட்டார்கள். பின்னணி இசை பெரும்பாலும் வேறெங்கோ இருந்து எடுத்துத் தற்காலிகமாகப் போட்டதாக இருக்கும். டப்பிங் செய்யப்போகும் படமென்றால், படப்பிடிப்பில் அடையாளத்துக்காகப் பதிவான 'பைலட்' குரல்தான் கேட்கும்.

ஆனால் படத்தின் எலும்புக்கூடு இந்தக் கட்டத்திலேயே தயார். எந்தக் காட்சி இழுக்கிறது, எது புரியவில்லை என்பதை இங்கேயே கண்டுபிடித்தால் செலவு ஒன்றும் இல்லை. இசை, கலர், மிக்ஸிங் எல்லாம் முடிந்த பிறகு பத்து நொடியை வெட்டினால், அந்தப் பத்து நொடிக்காக எல்லோரும் மறுபடியும் உட்கார வேண்டியிருக்கும்.

சேர்த்துப் பார்த்தால் ஏன் தவறு தெரிவதில்லை?

கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொள்வதால்தான். திரையில் ஒன்றும் நடக்காத இடத்தில் இசை நகர்ந்துகொண்டிருந்தால், படமும் நகர்வதாகவே தோன்றும். பேச்சு ஒட்டுப்போட்டதுபோல இருந்தாலும், அந்த நேரத்தில் திரையில் ஒரு கொக்கு பறந்தால் காது அதைக் கண்டுகொள்ளாது.

பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் திரைப்பட ஒலி பற்றி 1990-ல் வெளியிட்ட தன் நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். ஒரே காட்சியைச் சத்தத்தோடும், சத்தமில்லாமலும், படத்தை மறைத்தும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார் அவர். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, இங்மார் பெர்க்மனின் 1966-ம் ஆண்டுப் படமான 'பெர்சோனா'வின் தொடக்கம். ஒரு கையில் ஆணி அறையப்படும் காட்சி அது. சத்தத்தோடு பார்க்கும்போது ஒரே ஷாட் என்று நினைப்போம். சத்தத்தை அணைத்தால்தான் அது மூன்று தனித்தனி ஷாட் என்பது தெரிகிறது. நடுவில் இருந்த வெட்டுகளைச் சத்தம் ஒட்டிவைத்திருந்தது.

இன்னொரு உதாரணம், ழாக் தாத்தியின் 1953-ம் ஆண்டுப் படமான 'மிஸ்யூ உலோவின் விடுமுறை'. அதில் வரும் கடற்கரைக் காட்சி கலகலப்பாக இருப்பதாக நமக்குத் தோன்றும். சத்தத்தை அணைத்தால், திரையில் இருப்பவர்கள் விறைப்பாக, களையே இல்லாமல் இருப்பது தெரியும். படத்தை மறைத்துவிட்டுக் கேட்டால் குழந்தைகள் கத்தி விளையாடும் குதூகலம். ஆக, கலகலப்பு மொத்தமும் ஒலித்தடத்தில் இருந்தது.

பெர்க்மனும் தாத்தியும் தெரிந்தே அப்படிச் செய்தார்கள். பிரச்சினை, நம் ரஃப் கட்டில் இதே விஷயம் நமக்குத் தெரியாமல் நடப்பதுதான்.

நம்ம ஊருக்குப் புதுசா?

இல்லவே இல்லை. படமில்லாமல் படம் கேட்ட தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது. திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி வானொலியில் 'ஒலிச்சித்திரம்' என்று ஒலிபரப்பினார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசன கேசட் ஓடியது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் தருமி காட்சியைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அந்தக் காட்சி காதுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்து 1987-ல் வெளியான 'பேசும் படம்'. வசனமே கிடையாது. யார் யாருக்கு என்ன வேண்டும், எதனால் தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் நடிப்பிலும் ஷாட் வரிசையிலுமே புரிந்துவிடும்.

எல்லாப் படமும் இந்த இரண்டு எல்லையில் ஒன்றுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் உங்கள் படத்தின் ஒவ்வொரு நிமிடத்திலும், கதையைத் தூக்கிக்கொண்டு நடப்பது கண்ணா காதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்

புரிவதற்காக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாரிவாக்கம் ஏரியைப் பற்றி இரண்டு நண்பர்கள் எடுத்த ஆவணப்படம். ஒருவர் இயக்குநர், இன்னொருவர் எடிட்டர். ரஃப் கட்டின் நீளம் சரியாக 6 நிமிடம். ஒரு காலத்தில் ஏரி மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த பெரியவரின் பேட்டிதான் அதன் உயிர். அதோடு டிரோன் காட்சிகள், கரையில் போகும் ஆட்கள், ஒரு பின்னணிக் குரல், தற்காலிக இசை.

வழக்கம்போலப் பார்த்தபோது இருவருக்கும் படம் பிடித்திருந்தது. "நடுவுல கொஞ்சம் இழுக்குதோ?" என்ற சந்தேகம் மட்டும் எடிட்டருக்கு. எங்கே இழுக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

முதல் ஓட்டம்: சத்தம் இல்லாமல்

டைம்லைனில் வைத்துப் பார்க்காமல், முழுப் படத்தையும் ஒரே வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பது நல்லது. டைம்லைன் கண் முன்னால் இருந்தால் அடுத்த வெட்டு எப்போது வருகிறது என்று கண் முன்கூட்டியே பார்த்துவிடும். சப்டைட்டில் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சத்தத்தை எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

நிறுத்தக் கூடாது, பின்னால் தள்ளியும் பார்க்கக் கூடாது. குறிப்பு எப்படி எடுப்பது? போனில் ஸ்டாப்வாட்ச்சைப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டு, கவனம் சிதறும் ஒவ்வொரு முறையும் 'லேப்' பட்டனைத் தட்டினால் போதும். ஏன் தட்டினோம் என்று அப்போது யோசிக்க வேண்டாம். ஓட்டம் முடிந்த பிறகு அந்த நேரங்களை டைம்லைனில் தேடிப்போய் மார்க்கர் போடலாம். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ மூன்றிலும் மார்க்கருக்கு `M` பட்டன்தான்.

நம் ஏரிப் படத்தில் சத்தத்தை அணைத்ததும் நான்கு இடங்களில் லேப் விழுகிறது.

தொடக்கம். முதல் 22 நொடியும் டிரோன் ஷாட். இசையோடு பார்த்தபோது கம்பீரமாக இருந்தது. இசை போனதும், 9-வது நொடிக்குள் ஏரி முழுவதையும் பார்த்து முடித்துவிட்டோம் என்பது தெரிகிறது. மிச்சம் 13 நொடியில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த நேரத்தை ஓட்டியது இசை மட்டும்தான்.

அடுத்து 1:10. பெரியவர் முதல்முறையாக வருகிறார். அவர் யார் என்பதைப் பின்னணிக் குரல்தான் சொல்கிறது. சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு அவர் கரையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர். அவர் மடையின் பக்கத்தில் நிற்பது போல ஒரு ஷாட் கையில் இருக்கிறது, ஆனால் அது 4-வது நிமிடத்தில் கிடக்கிறது.

மூன்றாவது, 2:50. பெரியவர் எதுவும் பேசாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். 9 நொடி. எதற்கு இது என்று தோன்றுகிறது. இந்த லேப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

நான்காவது, 3:40-ல் இருந்து 4:20 வரை. ஐந்து ஷாட், ஐந்திலும் தண்ணீர். கோணம் மாறுகிறது, தகவல் மாறவில்லை. 40 நொடி நின்ற இடத்திலேயே நிற்கிறது படம். எடிட்டருக்கு இழுத்த இடம் இதுதான்.

ஒரு பெரிய எடிட்டரும் சத்தத்தை அணைப்பார்

'தி கான்வர்சேஷன்', 'அபோகலிப்ஸ் நவ்' போன்ற படங்களில் பணியாற்றிய வால்டர் மர்ச், ஒரு காட்சியை முதல்முறை தொகுக்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டே வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறார். வசனக் காட்சிக்கும் அதே முறைதான். இத்தனைக்கும் அவர் ஒலியை அலட்சியம் செய்பவர் இல்லை. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். சத்தத்தை அணைத்தால்தான் முகத்தையும் உடலசைவையும் வைத்து எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்க முடியும், அங்கே வரப்போகும் ஒலியைக் கற்பனை செய்யவும் இடம் கிடைக்கும் என்பது அவருடைய வழி.

2014-ல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் இதையே பாடமாக்கினார். ஸ்பீல்பெர்க்கின் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி, வசனத்தையும் ஒலியையும் எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டுத் தன் இணையதளத்தில் வெளியிட்டார். ஷாட்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆட்கள் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள் என்பதற்காக.

இரண்டாவது ஓட்டம்: படம் இல்லாமல்

இதைப் பலர் தவிர்த்துவிடுவார்கள். கண்ணால் வேலை செய்து பழகியவர்களுக்குக் கண்ணை மூடி 6 நிமிடம் உட்காருவது நீளமாகத் தோன்றும். ஆனால் ரகசியங்கள் அதிகம் வெளிவருவது இதில்தான்.

ஆடியோவை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, இயர்போனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் மெல்லிய ஒலி மாற்றங்கள் பிடிபடாது. டைம்லைனின் ஒலி அலைகளையும் பார்க்கக் கூடாது. அதே ஸ்டாப்வாட்ச், அதே லேப் பட்டன்.

நம் ஏரிப் படத்தில் இப்போது விழும் லேப்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

2:30-ல் பின்னணிக் குரல் ஆரம்பிக்கும்போது ஏரியின் ஒலி சட்டென்று செத்துவிடுகிறது. அதுவரை காற்று, பறவை, தூரத்தில் லாரி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. குரல் வந்ததும் முழு அமைதி. குரலை வீட்டு அறையில் பதிவு செய்தார்கள், அதற்குக் கீழே ஏரியின் ஒலியைப் போட மறந்துவிட்டார்கள். திரையில் ஏரி தெரிந்ததால் காது சும்மா இருந்துவிட்டது. தீர்வு எளிது. படப்பிடிப்பில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தால், அதை அடியில் ஓடவிட்டால் போதும். பதிவு செய்யவில்லை என்றால் மறுபடியும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியதுதான்.

4:50-ல் பின்னணிக் குரல், "இதோ, இந்த இடத்துலதான்" என்கிறது. எந்த இடம்? கேட்பவருக்குத் தெரியாது. படத்தில் மடை தெரிகிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் முதல் ஓட்டத்தில், மடையை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண் சொல்லிவிடும் என்று குரலும், குரல் சொல்லிவிடும் என்று படமும் விட்டுவிட்ட இடம் இது.

மூன்றாவது லேப் மறுபடியும் 3:40. தண்ணீர் ஷாட்களின் மேல் ஓடும் பின்னணிக் குரல், முன்பே சொன்ன ஒரு விஷயத்தை வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு 1:48-ல் இருக்கிறது.

1:48: பெரியவர் அதைச் சொன்னாரா?

படத்தில் பெரியவர் சொல்வது இது: "இந்தப் பக்கம் வீடு நெறைய வந்துடுச்சு. யாரும் இந்தத் தண்ணியத் தொட மாட்டாங்க." இரண்டாவது வாக்கியம் வரும்போது திரையில் பெரியவர் இல்லை. ஒரு கொக்கு தண்ணீரிலிருந்து எழும்பிப் பறக்கிறது. அழகான ஷாட்.

படத்தை மறைத்ததும் மூன்று விஷயங்கள் காதில் இடறுகின்றன. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுச் சத்தமே இல்லை. இரண்டாவது வாக்கியம் தாழ்ந்த குரலில் தொடங்காமல், பாதி ஏறிய குரலில் தொடங்குகிறது. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த லாரி ஹாரன் பாதியில் அறுந்துவிடுகிறது.

எடிட்டர் போய் முழுப் பேட்டியைத் திறக்கிறார். பெரியவர் உண்மையில் சொன்னது: "மழை விட்டு ரெண்டு மாசத்துக்கு யாரும் இந்தத் தண்ணியத் தொட மாட்டாங்க, கலங்கலா இருக்கும். அப்புறம் தெளிஞ்சிடும்." வீடுகள் பற்றிய வாக்கியம் வேறொரு கேள்விக்கு, பத்து நிமிடம் கழித்துச் சொன்ன பதில்.

யாரும் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. நீளத்தைக் குறைக்க முன்னும் பின்னும் வெட்டினார்கள். வெட்டின இடம் துள்ளியதால் மேலே கொக்கை வைத்து மூடினார்கள். அடுத்த நாள் அவர்களே அதை மறந்துவிட்டார்கள். ஆனால் விளைவு என்ன? வீடுகள் வந்ததால் ஏரித் தண்ணீரை யாருமே தொடுவதில்லை என்று, அந்த ஊரில் வாழும் ஒரு மனிதர் தன் வாயால் சொன்னதாகப் படம் சொல்கிறது. படம் வெளியான பிறகு அக்கம்பக்கத்தில் கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பேட்டிகளை வெட்டி ஒட்டுவது தவறில்லை. எல்லா ஆவணப்படத்திலும், செய்தியிலும் அது நடக்கிறது. "ம்", "அதாவது" போன்றவற்றை எடுப்பதற்கும், சொன்னதன் நிபந்தனையை எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. "மழை விட்டு ரெண்டு மாசத்துக்கு" என்ற சொற்கள் அந்த வாக்கியத்தின் நிபந்தனை. அதை எடுத்தால் வாக்கியமே வேறு.

அதனால் பேட்டி உள்ள படங்களில் படமில்லாத ஓட்டத்துக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பேசுபவரின் முகம் மறைந்து வேறு ஷாட் வரும் ஒவ்வொரு இடத்திலும், அடியில் ஒட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டு இருந்தால், அதற்கு இருபுறமும் உள்ள மூலப் பேச்சைத் திறந்து ஒரு முறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். மூச்சு காணாமல் போவது, குரலின் ஏற்றம் தாவுவது, பின்னணிச் சத்தம் அறுவது ஆகிய மூன்றும்தான் ஒட்டின் அடையாளங்கள். நல்ல சவுண்ட் எடிட்டர் கையில் இந்த மூன்றும் மறைந்துவிடும். ரஃப் கட் கட்டத்தில் இன்னும் மறையாமல் இருக்கும் என்பதால், கேட்க வேண்டிய நேரமும் இதுதான்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது

லேப் விழுந்த இடத்தையெல்லாம் வெட்டிவிடக் கூடாது. இரண்டு பட்டியலையும் நேர வரிசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் ஒரே நேரம் வந்தால் அது நிஜமான பலவீனம். 3:40 முதல் 4:20 வரை அப்படித்தான். கண்ணுக்கும் புதிதில்லை, காதுக்கும் புதிதில்லை. 40 நொடி 15 நொடியாகிறது.

ஒன்றில் மட்டும் வந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதும். தொடக்க டிரோன் ஷாட் 22-லிருந்து 9 நொடியாகிறது. 4-வது நிமிடத்தில் கிடந்த மடை ஷாட், அந்த இடத்தில் இருந்த வேறொரு ஷாட்டுக்குப் பதிலாக, பெரியவர் அறிமுகமாகும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் 4:50-ல் இருந்த குழப்பமும் தீர்ந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு மடை எது என்று இப்போது தெரியும்.

மூன்றாவது வகை, ஒன்றில் குறையாகத் தெரிந்து இன்னொன்றில் பலமாகத் தெரிவது. 2:50-ல் பெரியவர் 9 நொடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த இடம். படமில்லாமல் கேட்டபோது, அந்த 9 நொடியில் தூரத்தில் ஒரு மோட்டார் பம்ப் ஓடி, இருமி, நிற்கிறது. அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்துக்கும் ஒலிக்கும் வேலை சரியாகப் பங்கு போட்ட இடம் இது. கை வைக்க வேண்டாம்.

எங்கே இந்த முறை ஏமாற்றும்?

சத்தமில்லாமல் பார்க்கும்போது, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் எந்தக் காட்சியும் மந்தமாகத்தான் தெரியும். அதை வைத்து வசனக் காட்சியைக் குறைத்தால் படம் கெட்டுவிடும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் கை ஓங்கியிருக்கிறது, எந்த இடத்தில் அது மாறுகிறது என்பது முகங்களில் தெரிகிறதா? தெரிந்தால் காட்சி நன்றாகவே இருக்கிறது.

அதேபோல, அடுத்த காட்சியின் குரல் முன்கூட்டியே தொடங்கும் இடங்களில், சத்தமில்லாமல் பார்த்தால் ஷாட் தேவைக்கு மேல் நீளுவதாகத் தோன்றும். சத்தத்தோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

டப்பிங்குக்கு முந்தைய ரஃப் கட்டில், குரல் தெளிவாக இல்லை, கேமராச் சத்தம் கேட்கிறது என்று லேப் தட்டுவதில் பயனில்லை. அந்த ஒலி எப்படியும் போகப்போகிறது. வாக்கியங்களின் நீளம், இடைவெளி, எந்த வார்த்தை எந்த இடத்தில் வருகிறது என்பதை மட்டும் கேட்டால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எடிட்டருக்குப் படம் முழுவதும் மனப்பாடம். சத்தத்தை அணைத்தாலும் வசனம் அவர் மண்டைக்குள் ஓடும். படத்தை மறைத்தாலும் ஷாட்கள் தெரியும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் ஓரளவு குறையும். இன்னும் நல்ல வழி, படத்தைப் பார்த்தே இராத ஒருவரை உட்கார வைப்பது. அவருக்குக் கட்டாயமாகச் சத்தமில்லாத ஓட்டம் முதலில் வர வேண்டும். முதலில் குரலைக் கேட்டுவிட்டால், யார் என்ன என்று எல்லாம் தெரிந்துவிடும், பிறகு படத்தைத் தனியாகச் சோதிக்க முடியாது. முன்னுரை எதுவும் சொல்லாதீர்கள். முடிந்ததும், "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் கதையில் எது விடுபடுகிறதோ, அது உங்கள் படத்திலும் விடுபட்டிருக்கிறது.

கடைசி ஓட்டம்

திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, சத்தமும் படமும் சேர்த்து ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும். தனித்தனியாகச் சரிசெய்த இடங்கள் சேர்ந்து வரும்போது ஒன்றோடொன்று மோதலாம்.

நம் ஏரிப் படத்தில் தொடக்கத்தில் 13 நொடியும், தண்ணீர் ஷாட்களில் 25 நொடியும் குறைந்தன. வீடுகள் பற்றிய வாக்கியம், அந்தக் கேள்விக்கு உரிய இடத்துக்குப் போனது. 1:48-ல் இருந்த கொக்கு ஷாட்டை எடுத்துவிட்டார்கள். பெரியவரின் முகம் அப்படியே தெரிய, அவர் சொன்னதை முழுதாக விட்டார்கள். அதற்கு 3 நொடி கூடியது. 6 நிமிடப் படம் இப்போது 5 நிமிடம் 25 நொடி. பெரியவர் தன் வாக்கியத்தை, "அப்புறம் தெளிஞ்சிடும்" என்று முடிக்கிறார்.